மொத்தமாக வாங்குகிறோம் என்று வரும் போலி விசாரணை: முதல் பேச்சிலேயே கண்டுகொள்வது எப்படி?

தம்மம்பட்டி, செந்தாரப்பட்டி, வீரகனூர் பகுதிகளில் சின்ன வெங்காயம், மஞ்சள், பாக்கு மட்டைத் தட்டு, நாட்டுக்கோழி முதலியவற்றைக் கைபேசி மூலமாகவே விற்கும் விவசாயிகள் இப்போது பலர் இருக்கிறார்கள். சரக்கைப் படம் எடுத்து, விலையும் தொலைபேசி எண்ணும் போட்டு விளம்பரம் செய்தால், சந்தைக்குப் போகாமலே வெளியூர் வியாபாரி பேசுகிறார். இதில் நன்மை உண்டு. ஆனால் விளம்பரத்தில் போட்ட எண் எல்லோர் கண்ணிலும் படுகிறது. சரக்கே வேண்டாத சிலரும் அந்த எண்ணுக்குப் பேசுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது விற்பவரின் வங்கிக் கணக்கில் இருக்கும் பணம்.

பொதுவாக ஏமாறுகிறவர் வாங்குபவர்தான் என்று நினைக்கிறோம். பணம் கொடுத்தும் சரக்கு வராமற்போவது நாம் அறிந்ததே. ஆனால் இந்த மோசடியில் விற்பவரே பணத்தை இழக்கிறார். பணம் வாங்க வேண்டியவரிடமிருந்து பணம் எப்படிப் போகும் என்ற ஐயம் எழுவது இயல்பு. அந்த வழியைத் தெரிந்துகொண்டால் முதல் இரண்டு பேச்சிலேயே ஆளை அடையாளம் காணலாம்.

டில்லியில் நடந்தது

2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம், அப்போது டில்லி முதலமைச்சராக இருந்த அரவிந்த் கேஜ்ரிவாலின் மகள் பழைய சோபா ஒன்றை இணையதளத்தில் விற்க விளம்பரம் செய்தார். வாங்குவதாக ஒருவர் பேசினார். கணக்கு சரிதானா என்று பார்ப்பதாகச் சொல்லி முதலில் ஒரு சிறு தொகை அனுப்பினார். அது உண்மையிலேயே கணக்கில் வந்து சேர்ந்தது. பிறகு ஒரு கியூஆர் கட்டத்தை அனுப்பி, அதை ஸ்கேன் செய்தால் மீதிப் பணம் வரும் என்றார். ஸ்கேன் செய்ததும் 20,000 ரூபாய் வருவதற்குப் பதிலாகக் கணக்கிலிருந்து போயிற்று. கேட்டதற்கு, தவறான கட்டத்தை அனுப்பிவிட்டதாகவும், இன்னொன்று அனுப்புவதாகவும் கூறினார். அதையும் ஸ்கேன் செய்தபோது மேலும் 14,000 ரூபாய் போயிற்று. மொத்த இழப்பு 34,000 ரூபாய். காவல்துறை வழக்குப் பதிவு செய்து சிலரைக் கைது செய்தது.

படித்தவர், தலைநகரில் வாழ்பவர், முதலமைச்சர் வீட்டைச் சேர்ந்தவர் ஒருவருக்கே இது நடந்தது. ஆகையால் ஏமாந்தவர் அறிவில்லாதவர் என்று எண்ணிவிடக் கூடாது. இந்த நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. ஒன்று, முதலில் வந்த சிறு தொகை உண்மையானது. நம்பிக்கையை அதுதான் உண்டாக்கியது. மற்றது, இரண்டாவது இழப்பு முதல் இழப்பை மீட்கப் போய் ஏற்பட்டது. நம் பக்கத்தில் வரும் பேச்சுகளும் இதே அச்சில் வார்த்தவைதாம்.

வெங்காயத்துக்கு வந்தால் எப்படி இருக்கும்?

எடுத்துக்காட்டாக, ஒருவரிடம் பட்டறையில் 500 கிலோ சின்ன வெங்காயம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மழை வரும்போல் இருக்கிறது. வைத்திருந்தால் முளை விடும் அல்லது அழுகும். கிலோ 40 ரூபாய் என்று விளம்பரம் செய்கிறார். அன்று மாலையே ஒருவர் பேசுகிறார். தாம் இராணுவ முகாமில் சமையற்கூடத்துக்குப் பொறுப்பான அதிகாரி என்றும், 500 கிலோவையும் எடுத்துக்கொள்வதாகவும், நாளைக் காலையில் லாரி வரும் என்றும் சொல்கிறார். விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சிறிது நேரத்தில் சீருடைப் படமும் அடையாள அட்டைப் படமும் வந்து சேருகின்றன.

முகவரியும் வங்கிக் கணக்கும் வாங்கிக்கொண்ட பிறகு, "சரக்குக்கு 20,000, லாரி வாடகை 5,000. எல்லாம் சேர்த்து 25,000 உங்களுக்கே போட்டுவிடுகிறேன். வாடகையை மட்டும் டிரைவர் எண்ணுக்கு நீங்கள் அனுப்பிவிடுங்கள்" என்கிறார். சற்று நேரத்தில் 25,000 ரூபாய் வரவு என்று ஒரு குறுஞ்செய்தி வருகிறது. உடனே டிரைவர் பேசுகிறார்: டீசல் போட வேண்டும், பங்கில் நிற்கிறேன், சீக்கிரம் அனுப்புங்கள் என்கிறார். விவசாயி 5,000 அனுப்பிவிடுகிறார்.

பத்து நிமிடம் கழித்து அதிகாரி மறுபடி பேசுகிறார். எழுத்தர் தவறாக ஒரு பூஜ்யம் கூடப் போட்டுவிட்டார், 2,50,000 வந்திருக்கும், பாருங்கள் என்கிறார். அதே போல் இன்னொரு குறுஞ்செய்தியும் வருகிறது. அரசாங்கப் பணம், என் வேலை போய்விடும், கூடுதலாக வந்ததில் கொஞ்சமாவது இப்பொழுதே திருப்புங்கள் என்று கெஞ்சுகிறார். நேர்மையான மனிதருக்கு அடுத்தவன் பணம் தன்னிடம் இருக்கிறதே என்ற பதற்றம் உண்டாகிறது. கணக்கில் பயிர்க்கடனாக வந்த தொகை எவ்வளவு இருக்கிறதோ அதையெல்லாம் அனுப்பிவிடுகிறார். மறுநாள் லாரியும் வராது. வங்கிக்குப் போய்ப் பார்த்தால் 25,000மும் வரவில்லை, இரண்டரை இலட்சமும் வரவில்லை. இரண்டு குறுஞ்செய்திகளும் மோசடிக்காரர் தம் கைபேசியிலேயே தட்டச்சு செய்து அனுப்பியவை.

இந்த மோசடி பேராசையை நம்பி நடப்பதன்று. கூடுதல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்ற நாணயத்தையும், சரக்கு கெட்டுவிடுமே என்ற கவலையையும் நம்பியே நடக்கிறது. வெளிநாடுகளிலும் இதே முறை உண்டு. அங்கே போலிக் காசோலையை அதிகத் தொகைக்கு அனுப்பி, வங்கி அதைப் போலி என்று கண்டுபிடிப்பதற்குள் மிச்சத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

முதல் அறிகுறி: சரக்கைப் பற்றிக் கேட்கமாட்டார்

உண்மையான வெங்காய வியாபாரி பேசும் விதத்தை எல்லோரும் அறிவோம். பழைய காயா, புதுக் காயா என்பார். தாள் அறுத்ததா, எத்தனை நாள் காய்ந்தது, காய் பருமன் எப்படி, சிவப்பா வெளிறியதா என்று கேட்பார். மாதிரிக்கு ஒரு கிலோ காட்டச் சொல்வார், இல்லாவிட்டால் மூட்டையைக் கொட்டிப் படம் அனுப்பச் சொல்வார். சாக்கு எடை கழிவு எவ்வளவு, ஏற்றுக்கூலி யாருடையது, லாரி தோட்டம் வரை வருமா, ரோட்டில் நிற்க வேண்டுமா என்பார். இவ்வளவும் கேட்டுவிட்டு, திண்டுக்கல் மண்டியில் இன்ன விலைதான் என்று சொல்லிக் கிலோவுக்கு ஐந்து ரூபாயாவது குறைப்பார்.

போலி ஆள் இவற்றில் ஒன்றையும் கேட்கமாட்டார். அவருக்குச் சரக்கு வேண்டாம். ஆகையால் அழுகலைப் பற்றிக் கவலையில்லை, விலையைப் பற்றியும் கவலையில்லை. அவர் விசாரிப்பதெல்லாம் பணத்தைப் பற்றியே இருக்கும். எந்த வங்கி, கைபேசியில் பணம் அனுப்பும் வசதி இருக்கிறதா, அந்தக் கைபேசி இப்போது கையில் இருக்கிறதா, வீட்டில் வேறு யார் கணக்கிலாவது அந்த வசதி உண்டா என்று கேட்பார்.

ஆகவே பேரம் பேசாமல் முழுச் சரக்கையும் கேட்கும் ஆளிடம் நாமே சரக்கைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டுவிடுவது நலம். "என்ன பருமன் வேண்டும்? சாக்கிலா, வலைப்பையிலா? எங்கே இறக்க வேண்டும்?" என்று கேட்டால் போதும். வாங்குகிறவர் இவற்றுக்குத் தயக்கமின்றி விடை சொல்வார். மற்றவர், "எதுவானாலும் சரி, முதலில் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார். சரக்கு வேண்டாம், பணத்தை வாங்கிக்கொள் என்று அவசரப்படுத்தும் வியாபாரி எந்தச் சந்தையிலும் இல்லை.

மாணவர் விடுதி, கல்யாண மண்டபம், ஓட்டல் ஆகியவற்றிலிருந்து உண்மையிலேயே மொத்தமாகக் கேட்பவர்களும் உண்டு. அவர்களை விரட்டிவிடக் கூடாது. மேற்சொன்ன கேள்விகளால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் சீருடைப் படத்தையும் அடையாள அட்டைப் படத்தையும் சான்றாகக் கொள்ளலாகாது. அவை பெரும்பாலும் வேறொருவருடைய அட்டைகளின் படங்கள். இராணுவமும் மற்ற அரசுத் துறைகளும் ஒப்பந்தம் அல்லது எழுத்து மூலமான உத்தரவு வழியாகவே கொள்முதல் செய்கின்றன. சரக்கு வந்து சேர்ந்த பிறகு பில் பார்த்துப் பணம் தருவதே அங்கு வழக்கம். கேட்காமலே முன்பணம் தரும் அரசுத் துறையை விவசாயிகள் கண்டதில்லை.

இரண்டாவது அறிகுறி: வாங்குவதற்கு ரகசிய எண் கேட்பார்

டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டையை நினைத்துப் பாருங்கள். அட்டை கடைக்காரருடையது. டீ குடித்தவர் அதைத் தம் கைபேசியால் ஸ்கேன் செய்து, தொகையைப் போட்டு, யூபிஐ ரகசிய எண்ணை அழுத்துகிறார். பணம் அவரிடமிருந்து கடைக்காரருக்குப் போகிறது. கடைக்காரர் எதையும் ஸ்கேன் செய்வதில்லை, எந்த எண்ணையும் அழுத்துவதில்லை. ஸ்கேன் செய்பவர் கொடுப்பவர், அட்டைக்குரியவர் வாங்குபவர். இது எங்கும் மாறுவதில்லை.

வெங்காயம் விற்பவர் கடைக்காரரின் இடத்தில் இருப்பவர். அவரிடம் கட்டத்தை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னால், டீக்கடைக்காரரையே காசு கொடுக்கச் சொல்வது போன்றதே அது. இராணுவத்தில் பணம் தரும் முறை வேறு, தலைகீழாக நடக்கும், முதலில் நீங்கள் 5 ரூபாய் அனுப்பினால் நாங்கள் 10 ரூபாய் அனுப்புவோம் என்று சொல்லி அந்த 10 ரூபாயை உண்மையாகவே அனுப்புவதும் உண்டு. அப்படி ஒரு தனி முறை எங்கும் கிடையாது. அந்தப் பத்து ரூபாய் தூண்டிலில் கோத்த புழு.

சிலர் அனுப்பும் கட்டத்தில் தொகை ஏற்கெனவே பதிந்திருக்கும். ஸ்கேன் செய்தவுடன் 20,000 என்ற எண் திரையில் தெரிவதால், அது வரப்போகும் பணம் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் Pay என்றோ Paying என்றோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது போகப்போகும் பணம். யூபிஐ ரகசிய எண் பணம் அனுப்பவும், நம் கணக்கில் இருப்பைப் பார்க்கவும், மாதத் தவணை எடுத்துக்கொள்ள அனுமதி தரவும் தேவைப்படுகிறது. பணம் வாங்குவதற்கு அது ஒருபோதும் தேவையில்லை.

முன்பெல்லாம் கட்டம் இல்லாமலே, "பணம் கேட்கிறேன்" என்ற கோரிக்கையை நம் கைபேசிக்கு அனுப்பி, அதற்கு ரகசிய எண் அழுத்தச் செய்தும் ஏமாற்றினார்கள். தனி ஆளிடமிருந்து தனி ஆளுக்கு வரும் அத்தகைய கோரிக்கை 2025ஆம் ஆண்டு அக்டோபர் 1 முதல் யூபிஐயில் நிறுத்தப்பட்டுவிட்டது. ஆனால் கட்டத்தை ஸ்கேன் செய்யவைக்கும் வழியும், பொய்க் குறுஞ்செய்தியை நம்பி நாமாகவே பணத்தைத் திருப்பும் வழியும் இன்னும் திறந்தே இருக்கின்றன.

மூன்றாவது அறிகுறி: அளவுக்கு மேல் வந்த பணம்

வங்கியின் செய்தி பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வருவதில்லை. எழுத்துகளால் ஆன ஒரு தலைப்பிலிருந்து வரும். நம் வங்கியிலிருந்து முன்பு வந்த செய்திகள் எந்தத் தலைப்பில் இருக்கின்றன என்று ஒருமுறை பார்த்து வைத்துக்கொண்டால், புதிதாய் வருவதை ஒப்பிடலாம். சாதாரணக் கைபேசி எண்ணிலிருந்தோ வாட்ஸ்அப்பிலோ வரும் வரவுச் செய்தியைக் காகிதத்தில் கையால் எழுதிய பாஸ்புத்தகமாகவே கருத வேண்டும். பணம் அனுப்பியதாகக் காட்டும் திரைப் படமும் அப்படியே. படத்தில் தொகையை மாற்றுவது மிக எளிது.

எத்தகைய செய்தி வந்தாலும், முடிவு செய்ய வேண்டியது கணக்கின் இருப்பைப் பார்த்துத்தான். பேச்சுக்கு முன் 8,400 இருந்தது, இப்போதும் 8,400 இருக்கிறது என்றால் எதுவும் வரவில்லை. "சர்வர் தாமதம், ஒரு மணியில் ஏறிவிடும்" என்பார்கள். ஏறட்டும். ஏறிய பிறகு டிரைவருக்கு அனுப்பலாம் என்று சொல்லிப் போனை வைத்துவிடலாம். அடுத்த அழைப்பில் குரல் மாறிவிடும். கெஞ்சல் மிரட்டலாகும், காவல்துறையில் புகார் செய்வேன் என்பார். தம் பணத்தைத் தவறாக அனுப்பிய உண்மையான மனிதர் தம் வங்கிக்குத்தான் ஓடுவார்.

அரிதாக, கூடுதல் பணம் உண்மையாகவே கணக்கில் ஏறுவதும் உண்டு. இதில்தான் அதிகக் கவனம் வேண்டும். அந்தப் பணம் வேறு எங்கோ ஏமாற்றப்பட்ட மூன்றாம் மனிதருடையதாக இருக்கலாம். பேசும் ஆள் அதை உங்கள் கணக்கின் வழியாகத் தம் கைக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார். அவர் சொல்லும் புது எண்ணுக்கு அனுப்பிவிட்டால், பணத்தை இழந்தவர் புகார் செய்யும்போது போலீஸ் விசாரணை உங்கள் கணக்குக்கும் வந்து சேரும், கணக்கு முடக்கப்படும். பயிர்க்கடனும் பால் பணமும் வரும் கணக்கு முடங்கினால் குடும்பமே திண்டாடும்.

ஆதலால் கூடுதல் பணம் வந்தது உறுதியானால், அதைச் செலவழிக்காமல், யாருக்கும் அனுப்பாமல், வங்கிக் கிளைக்கு நேரில் சென்று எழுத்து மூலமாகத் தெரிவித்து, அதற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு வங்கியே திருப்புவதுதான் சரியான முறை.

தவிர்க்கும் முறை

வெளியூர் ஆளிடம் பணம் பெற வங்கிக் கணக்கு எண், பெயர், ஐஎஃப்எஸ்சி குறியீடு ஆகிய மூன்றும் போதும். அல்லது உங்கள் கியூஆர் கட்டத்தை நீங்கள் அவருக்கு அனுப்பலாம். இவற்றுக்கு மேல் எதைக் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை.

லாரி வாடகை வாங்குபவர் பொறுப்பு என்று பேசினால், அதை அவரே நேராக டிரைவருக்குக் கொடுக்கட்டும். நம் கணக்கு அதற்கு வழியாக இருக்க வேண்டியதில்லை. கேட் பாஸ் கட்டணம், பதிவுக் கட்டணம், மாதிரிச் சோதனைக் கட்டணம் என்று விற்பவரிடமே பணம் கேட்கும் "ஏற்றுமதி ஆர்டர்" எதுவானாலும் முதலில் சந்தேகிக்க வேண்டும். சரக்கைக் கொடுப்பவர் பணமும் கொடுப்பது முறையன்று.

கைபேசியோடு இணைத்துள்ள கணக்கைத் தனியாக வைத்துக்கொள்வது இன்னொரு பாதுகாப்பு. தனி ஆளுக்கு யூபிஐ மூலம் ஒரு நாளைக்குப் பொதுவாக ஒரு இலட்சம் ரூபாய் வரை அனுப்ப முடியும். அதாவது ஒரே நாளில் அவ்வளவும் போகக்கூடும். பயிர்க்கடனும் சேமிப்பும் உள்ள கணக்கைக் கைபேசியோடு இணைக்காமல், விற்பனைக்கென்று ஒரு சிறு கணக்கை மட்டும் இணைத்து, அதில் சேரும் பணத்தை அவ்வப்போது மாற்றிவிட்டால், தவறு நேர்ந்தாலும் இழப்பு சில ஆயிரத்தோடு நின்றுவிடும்.

வீட்டில் கைபேசியைக் கையாள்வது பெரும்பாலும் மகனோ மகளோதான். விளம்பரம் போட்டவர் அப்பா, பணம் அனுப்புவது பிள்ளை என்று இருக்கும் வீடுகளில், "அப்பா சொன்னார், அனுப்பு" என்று பிள்ளையிடம் தனியாகப் பேசி அவசரப்படுத்துவதும் உண்டு. சரக்கு விற்றதற்காக நம் கணக்கிலிருந்து ஒரு ரூபாயும் வெளியே போக வேண்டியதில்லை என்பதை அவர்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டு மறைத்தால் நேரம்தான் வீணாகும். போன பணம் முதலில் ஒரு கணக்கில் விழுந்து, அங்கிருந்து இரண்டு மூன்று கணக்குகளுக்குப் பிரிந்து, பிறகு ரொக்கமாக எடுக்கப்படுகிறது. அதற்குள் புகார் எட்டினால் அந்தந்த வங்கி, பணம் நிற்கும் இடத்திலேயே அதை நிறுத்தி வைக்க முடியும். ஆகவே முதல் சில மணி நேரமே முக்கியம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். cybercrime.gov.in என்ற இணையதளத்திலும் பதியலாம். கூடவே உங்கள் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும். மாவட்டக் காவல்துறையின் சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் நேரில் புகார் கொடுக்கலாம்.

பேசும்போது உங்கள் கணக்கு எண், போன தொகை, நாள், நேரம், பணம் அனுப்பிய விவரத்தில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், மோசடிக்காரரின் கைபேசி எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். குறுஞ்செய்திகளையும் வாட்ஸ்அப் பேச்சையும் கோபத்தில் அழித்துவிடக் கூடாது. அவைதாம் சான்று.

நிறுத்தி வைக்கப்பட்ட பணம் அன்றே திரும்பக் கைக்கு வராது. விசாரணை நடந்து, உரிய உத்தரவு கிடைத்த பின்பே வரும். ரொக்கமாக எடுக்கப்பட்டுவிட்ட பணம் வருவது கடினம். நாமே ரகசிய எண்ணை அழுத்தி அனுப்பியதால், வங்கி ஈடு செய்யும் என்று எதிர்பார்க்கவும் முடியாது. இந்த இடைவெளியில், "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு" என்று அதிகாரி போலவோ வக்கீல் போலவோ ஒருவர் பேசக்கூடும். ஏமாந்தவர் பட்டியலைப் பார்த்து வரும் இரண்டாவது மோசடி அது. 1930இல் புகார் செய்யக் கட்டணம் எதுவும் கிடையாது.